ரெண்டு தெரு, ஒரே வெயில்: மேற்கு மாம்பலம் நிழல் ரிப்போர்ட்

போன மே மாசம் 5 நாள், எங்க குடியிருப்போர் சங்கத்துல 4 பேரு சேர்ந்து பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு தெருவ அளந்தோம். ரெண்டுமே கிழக்கு மேற்கா ஓடுது, அகலம் கிட்டத்தட்ட 7 மீட்டர், ரெண்டு பக்கமும் மூணு மாடி வீடுங்க, பெரிய வித்தியாசம்னா மரம்தான். ஒண்ணுல வேம்பு, புங்கை, ரெண்டு பெரிய தூங்குமூஞ்சி இருக்கு, அத மரத்தெருன்னு வச்சுக்குவோம். இன்னொண்ணு மொட்டத்தெரு. அதுவும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு, 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல பாதி சாஞ்சுது, மிச்சத்துல பாதி வடிகாலுக்கு தோண்டும்போது வேர் அறுபட்டு நின்ன இடத்துலயே காஞ்சு போச்சு.

அளந்த விதம்

காத்தோட சூட்டுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர், தரையில இருந்து 1.5 மீட்டர் உயரத்துல, வெள்ளக் குடைக்குக் கீழ. முதல் நாள் நம்ம ஆளு ஒருத்தரு மீட்டர ஸ்கூட்டர் சீட்டுல வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு, வந்து பாத்தா 46 காட்டுது, அந்த ரீடிங்க தூக்கிட்டோம். தரைக்கு துப்பாக்கி மாதிரி இருக்குமே, அந்த இன்ஃப்ராரெட் மீட்டர். நிழல் எவ்ளோங்கறதுக்கு 10 மீட்டருக்கு ஒரு தடவ செல்போன நேரா மேல பிடிச்சு போட்டோ எடுத்து, மேல கட்டம் போட்டு எத்தன கட்டத்துல இலை, எத்தன கட்டத்துல வானம்னு எண்ணுனோம். மரத்தெருவுல 61 சதவீதம் மூடியிருக்கு, மொட்டத்தெருவுல 8.

கிடைச்சது

மதியம் 2.30 மணி சராசரி: காத்து மரத்தெருவுல 36.2 டிகிரி செல்சியஸ், மொட்டத்தெருவுல 37.7. அவ்ளோதானான்னு கேப்பீங்க, அவ்ளோதான். "ஒரு மரம் பத்து டிகிரி குறைக்கும்"னு வாட்ஸ்அப்ல சுத்துறத நம்பாதீங்க, காத்து ஒரு தெருவுல கட்டிப்போட்ட மாதிரி நிக்காது, பக்கத்து தெரு சூடு இங்கயும் வரும். ஒரு நாள் கடல்காத்து 12.30க்கே வந்துடுச்சு, அன்னைக்கு வித்தியாசம் 0.6தான்.

தரையப் பாருங்க. நிழல்ல இருக்குற தார் ரோடு 39, மொட்டத்தெருவுல அதே தார் 57. ராத்திரி 9 மணிக்கும் 33க்கு 38ன்னு நிக்குது. நம்ம உடம்புக்கு எரியுறது காத்து மட்டும் இல்ல, மேல இருந்து அடிக்கிற வெயிலு, கீழ இருந்தும் செவுத்துல இருந்தும் திருப்பி அடிக்கிற அனலு, இது மூணும் சேர்ந்துதான். இலை நீராவி விட்டு குளிர வைக்கிறதும் உண்டு, ஆனா சென்னை புழுக்கத்துல அது கொஞ்சம் மந்தம், இங்க மரம் செய்யுற முக்கியமான வேலை குடை பிடிக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்துடுது, அதனால அந்த சீசன்ல மத்தியானம் பில்டிங் நிழல நம்பி நடக்க முடியாது.

மரத்தெரு முனையில இஸ்திரி வண்டி போட்டிருக்குற அண்ணன் இந்த மீட்டர் எல்லாம் இல்லாமலே இத கண்டுபிடிச்சுட்டாரு. காலைல வேப்ப மரத்துக்கு மேற்க வண்டி, 3 மணிக்கு மேல கிழக்க. "கரிப்பெட்டி சூட்டத் தாங்கிடலாம் சார், கால்ல ஏறுற சூட்டத்தான் தாங்க முடியல"ன்னாரு, நாங்க 5 நாள் அளந்தத ஒரே வரில சொல்லிட்டாரு.

கணக்குல வராத நிழல்

இந்திய வன ஆய்வு நிறுவனத்தோட 2021 அறிக்கைப்படி சென்னை மாநகரத்துல காட்டுப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர், 2011ல இருந்த 18.02 விட அதிகம். சந்தோஷம்தான், ஆனா அந்தக் கணக்குல ஒரு இடம் வரணும்னா குறைஞ்சது ஒரு ஹெக்டேர் இருக்கணும். எங்க தெருவோட வேம்பு அதுல வராது, போனாலும் அந்த எண் குறையாது. அதே மாதிரிதான் "இத்தனை கன்று நட்டோம்"ங்கற போர்டும், இடுப்பு உயரக் கன்னு பத்து இருந்தாலும் ரோட்டுல ஒரு ஆள் நிக்க நிழல் கிடையாது.

கேக்குறது

மரத்தெருவுல 14 மரத்துல 9க்கு அடிமரம் வரைக்கும் சிமெண்ட் பூசியிருக்கு, அத சுத்தி ஒரு மீட்டராவது உடைச்சு மண்ண விடணும், இதுதான் முதல் வேலை, ஏன்னா இருக்குறத காப்பாத்துறதுதான் மலிவு. ஒயர்ல படுதுன்னு ஒரே பக்கமா கிளைய வெட்டுனா மரம் மறுபக்கம் சாயும், அடுத்த புயல்ல அதான் முதல்ல விழும், அதனால ரெண்டு பக்கமும் சமமா கழிக்கணும். மொட்டத்தெருவுல வடகிழக்கு மழைக்கு முன்னாடி புங்கை, பூவரசு, மகிழம், ஆள் உயரத்துக்கு மேல வளந்த கன்னா 12 வேணும், குழி வடிகால விட்டு தள்ளி.

சிமெண்ட் உடைக்க ஞாயிறு காலை 6.30க்கு ஆரம்பிக்கிறோம், கடப்பாரை ரெண்டு இருக்கு, இன்னும் ஒண்ணு வேணும்.