விண்ணப்ப எண் 0417, நீர்ப் பரிசோதனை அனலிஸ்ட் பணி: மறுபரிசீலனை கோரி

மனிதவளப் பிரிவினருக்கு,

வணக்கம். கிருமாம்பாக்கத்தில் உள்ள உங்கள் ஆய்வகத்தின் அனலிஸ்ட் பணிக்கு நேற்று இரவு 9.10 மணிக்கு விண்ணப்பித்தேன். 9.14-க்கு, ‘உங்கள் தகுதி இப்பணிக்குப் பொருந்தவில்லை’ என்று பதில் வந்துவிட்டது. அந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப முடியாது என்று அதிலேயே போட்டிருந்ததால், விளம்பரத்தில் கொடுத்திருந்த இந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

விண்ணப்பங்கள் குவியும்போது முதல் கட்டத்தைக் கணினியிடம் விடுவது இப்போது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. என் விவரங்களில் சில, படிவத்தில் இருந்த கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அவற்றை உங்களில் ஒருவர், முடிந்தால் ஆய்வக வேலை தெரிந்த ஒருவர், ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் படித்தது பி.எஸ்சி. இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி. படிவத்தில் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ‘பிற’ என்று நான்குதான் இருந்தன. சான்றிதழில் உள்ள பெயர் பட்டியலில் இல்லாததால் ‘பிற’ என்று குறித்தேன். விளம்பரத்தில் நீங்கள் கேட்டிருப்பது ‘வேதியியல் அல்லது அதைச் சார்ந்த பட்டம்’.

அனுபவம் பற்றிய கேள்விதான் முக்கியமானது. ‘தற்போதைய நிறுவனத்தில் எத்தனை மாதங்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதால் 2024 மார்ச்சில் வேலையை விட்டேன். எனவே அங்கே பூஜ்யம்தான் போட முடிந்தது. அதற்கு முன் கடலூரில் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த நான்கு ஆண்டுகளுக்குப் படிவத்தில் இடமே இல்லை, ரெஸ்யூமேயில் மட்டுமே இருக்கிறது. இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டார், அப்பாவை அவர் பார்த்துக்கொள்கிறார். நான் உடனே சேர முடியும்.

அங்கே என் பொறுப்பு குடிநீர் மாதிரிகளை ஐ.எஸ். 10500 தரப்படி சோதிப்பதும், சிப்காட் பக்கமிருந்து வரும் கழிவுநீரில் சி.ஓ.டி., பி.ஓ.டி. பார்ப்பதும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு ஏறிக் கிடக்கும். எடுத்த எடுப்பில் டைட்ரேட் செய்தால் பியூரெட்தான் காலியாகும். அதனால் முதலில் கண்டக்டிவிட்டி பார்த்து, எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்று முடிவு செய்வேன். அப்புறம் சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக விட்டு, மஞ்சளில் செங்கல் நிறம் லேசாகத் தலைகாட்டி நிலைக்கும் இடத்தில் நிறுத்தி, பிளாங்க் அளவைக் கழித்துத்தான் பதிவேட்டில் எழுதுவேன். பி.ஓ.டி. 27 டிகிரியில் மூன்று நாள் இருக்க வேண்டியது. வியாழக்கிழமை வைத்த பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை பார்த்தாக வேண்டும். அந்த ஞாயிறுகளில் பெரும்பாலும் கூடத்தைத் திறந்தது நான்தான். விளம்பரத்தில் நீங்கள் எழுதியிருந்த வேலைகள் ஏறக்குறைய இவையேதான். அதனால்தான் அந்தப் பதில் எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால்தான் விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

இன்னொன்று, முகவரி. மாநிலம் என்ற இடத்தில் ‘தமிழ்நாடு’ என்று இருப்பதால் வெளியூர் ஆள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. நான் இருப்பது மஞ்சக்குப்பத்தில். முள்ளோடை தாண்டினால் உங்கள் ஊர். பாண்டி பஸ் எந்நேரமும் உண்டு. புதுச்சேரி நகரத்திலிருந்து வருகிறவர்களை விட எனக்குத் தூரம் குறைவு. தங்கும் இடமோ பயணப்படியோ கேட்கப்போவதில்லை.

இந்தப் பணிக்கு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டீர்கள் என்றாலோ, படித்துப் பார்த்தபின் நான் பொருந்தவில்லை என்றே முடிவானாலோ, சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் எந்தத் தகுதியில் குறைந்தேன் என்று ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். கருவிகளைக் கையாள்வதில் சந்தேகம் இருந்தால், உங்கள் ஆய்வகத்துக்கே வந்து ஒரு மாதிரியைச் செய்துகாட்டவும் தயார். தொலைபேசியில் பேச வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

ரெஸ்யூமே, பட்டச் சான்றிதழ், பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழ், நேற்று வந்த பதிலின் நகல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். என் கைபேசி எண் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி.

இப்படிக்கு,
செ. கலைவாணி
மஞ்சக்குப்பம், கடலூர்