ஆனேக்கல் தோட்டம்: பாக்கி வேலைகள்

தம்பி, இளசிலிருந்து முற்றினது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

குடைமிளகாய் நாற்று, 12 நாள்: காலையில் ஒரு தடவை பூவாளித் தண்ணீர் போதும், சாயங்காலமும் ஊற்றினால் அழுகிவிடும்.

கேழ்வரகு, 20 நாள்: இதுதான் அவசரம். மழைக்கு அப்புறம் களை பயிரை மூடுகிறது, புதனுக்குள் ஆள் வைத்து எடுத்துவிடு. நெருக்கமாக முளைத்த இடத்தில் கலைத்துவிடு, அப்புறம் ஈரம் காய்வதற்குள் யூரியா தூவு. களை எடுக்காமல் தூவாதே, போன வருஷம் அப்படிச் செய்து களையைத்தான் வளர்த்தோம்.

தக்காளி, 35 நாள், பூ வந்துவிட்டது: கிழக்கு ஓரம் 4 செடியில் இலை சுருண்டிருக்கிறது, வெள்ளை ஈ வேலை. அதைப் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே புதை. மற்றதுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடியில் படும்படி அடி. மஞ்சள் அட்டை கிழிந்ததை மாற்று. குச்சி கட்டுவது இன்னும் 3 வரிசை பாக்கி.

பீன்ஸ், காய்ப்பு: சொட்டுநீர் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, கரண்ட் ராத்திரிதான் வருகிறது என்றால் எழுந்து மோட்டார் போடு. பறிப்பு நடக்கிறது, மருந்து வேண்டாம்.

கீரை: வியாழன் சாயங்காலம் பறி, வெள்ளி விடியலுக்குள் கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் நிற்க வேண்டும். வண்டிக்கு நான் சொல்லிவிட்டேன்.