லாங் பஜார் மாடியிலிருந்து காந்தி நகருக்கு வருகிறோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். 14 வருடமாக லாங் பஜார் மாடியில் இயங்கிவந்த நமது வரி ஆலோசனை அலுவலகம் ஆகஸ்ட் 24, 2026 திங்கள்கிழமை முதல் காட்பாடி காந்தி நகரில் இயங்கும். காரணம் உங்களுக்கே தெரியும்: அந்த 23 படி. முட்டி வலியோடு பில் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து, மேலே நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் பலர் பேச ஆரம்பித்தார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்பது தனிக்கதை. புது இடம் தரைத்தளம். வாசலிலேயே நான்கு கார் நிற்கும்.

புதிய முகவரி:
எண் 38/2, தரைத்தளம்,
9ஆவது கிழக்குப் பிரதான சாலை,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் – 632006

தொலைபேசி: 0416-200 0142, 0416-200 0143
வாட்ஸ்அப்: முதல் எண்ணிலேயே. லேண்ட்லைன்தான், ஆனாலும் வாட்ஸ்அப் வரும், சந்தேகம் வேண்டாம்.

பாகாயம் – காட்பாடி 1, 2ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி சில்க் மில் ஸ்டாப்பில் இறங்குங்கள். குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு இனி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும் வேலையே இல்லை. காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.

தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியில் இடம் மாற வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி முடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. இரண்டுக்கும் கட்டுப்பட்டு, ஆகஸ்ட் 21 வெள்ளி மாலை 6 மணி வரை லாங் பஜாரிலேயே இருப்போம். 22, 23 (சனி, ஞாயிறு) அலுவலகம் கிடையாது; பீரோக்களும் ஃபைல்களும் இறங்குகிற நாள். அவசரம் என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், இரவுக்குள் பதில் வரும். 24ஆம் தேதி ராகு காலம் கழிந்து 9.15க்குப் பால் காய்ச்சுகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள், காபி உண்டு. வேலை 10.30க்குத் தொடங்கும்.

பழைய எண் 0416-200 0117 செப்டம்பர் 30 வரை ஒலிக்கும், அப்புறம் நின்றுவிடும். பழைய முகவரிக்கு வரும் தபாலையும் கூரியரையும் கீழ்க்கடைக்காரர் அதே தேதி வரை வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யாமல், ஆகஸ்ட் மாத பில்களைப் புது முகவரிக்கே அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். ஒரிஜினல் பத்திரம், பார்ட்னர்ஷிப் டீட் எதையாவது எங்களிடம் கொடுத்து வைத்திருந்தால் 21ஆம் தேதிக்குள் வந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போங்கள். எல்லாம் பெயர் எழுதிய கவரில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் டெம்போவில் ஏறுவதற்கு முன் உங்கள் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் எங்களுக்கும் நிம்மதி. நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 10 – மாலை 7. அது மாறவில்லை.