பெட்ஷீட் ஆன்லைன் கடை: வேலை எல்லைக் குறிப்பு

வணக்கம் சார். 5.8.2026 அன்று நாம் பேசிய 42 நிமிட அழைப்பின் பதிவைக் கேட்டு எழுதியது. அடைப்புக்குறியில் இருப்பது பதிவின் நிமிடம். சந்தேகம் வந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் தீர்க்க வேண்டியது

"ஒரு நூறு ஐட்டம் இருக்கும்" என்றீர்கள் (14:20). பிறகு, "கலரோட சேர்த்தா நானூறு தாண்டும்" (31:05). இரண்டுக்கும் வேலை நாலு மடங்கு வித்தியாசம். 100 டிசைன், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4 கலர் என்று வைத்துத்தான் கீழே உள்ள தொகை. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிசைனுக்கும் ₹120.

"ஆப் மாதிரி இருக்கணும்" (22:40) என்றதை, போனில் சரியாகத் திறக்கும் வெப்சைட் என்றே எடுத்துக்கொண்டேன். பிளே ஸ்டோர் ஆப் இதில் இல்லை.

செய்து தருவது

ஷாப்பிஃபையில் கடை: முகப்பு, 5 வகைப் பக்கங்கள், பொருள் பக்கங்கள், தொடர்பு, ரிட்டர்ன் விதிகள். ரேசர்பே இணைப்பு, எடைக்கேற்ற கூரியர் கட்டணம். ஆர்டர் பார்ப்பது, ஸ்டாக் மாற்றுவது பற்றி உங்கள் கடைப் பையனுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி.

சேராதது

போட்டோ எடுப்பது, இன்ஸ்டாகிராம் விளம்பரம், டாலி இணைப்பு (36:10ல் பேச்சோடு வந்தது, விலை பேசவில்லை). டொமைன், ஷாப்பிஃபை மாத வாடகை இரண்டும் உங்கள் பெயரிலேயே, உங்கள் கார்டிலேயே. என் பெயரில் வாங்கினால் நாளைக்குக் கடையின் சாவி என்னிடம் மாட்டிக்கொள்ளும்.

திருத்தம்

முகப்பு டிசைனுக்கு 2 சுற்று, முழு சைட்டுக்கு 1 சுற்று. ஒரு சுற்று என்றால் எல்லாத் திருத்தமும் ஒரே பட்டியலாக, 3 வேலை நாளுக்குள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் கணக்கில் வராது. உங்கள் மருமகன் சொல்வதும் நீங்கள் சொல்வதும் வேறானால் எது முடிவு? பட்டியலை ஒருவரே அனுப்புங்கள். சுற்று முடிந்தபின் மணிக்கு ₹800. நான் செய்த பிழையைத் திருத்துவது இந்த மணிக்கணக்கில் சேராது. அது நேரலைக்குப் பின் 30 நாள் வரை இலவசம்.

தேதிகள்

ஆகஸ்ட் 10: உங்கள் சம்மதம், முன்பணம்
ஆகஸ்ட் 17: போட்டோ, விலை, எடை எக்செல், ரேசர்பேக்கு பான், ஜிஎஸ்டி, வங்கி விவரம்
ஆகஸ்ட் 24: முகப்பு டிசைன்
செப்டம்பர் 16: சோதனை சைட்
செப்டம்பர் 28: நேரலை

தீபாவளி நவம்பர் 8. நீங்கள் கேட்ட அக்டோபர் 20 (27:15) ஆபத்து. ரேசர்பே சரிபார்ப்பு இழுத்தால் சீசன் போய்விடும். போட்டோ எத்தனை நாள் தாமதமோ, நேரலையும் அத்தனை நாள் தள்ளும்.

தொகை

மொத்தம் ₹60,000: முன்பணம் 24,000, சோதனை சைட்டில் 24,000, நேரலைக்கு முன் 12,000.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டுமா என்பதை அழைப்பில் முடிவு செய்யவில்லை. 10ஆம் தேதிக்குள் பதில் இல்லையென்றால் இல்லாமலே அமைப்பேன். மற்றதெல்லாம் சரியென்றால் இந்த மெயிலுக்கே "சம்மதம்" என்று பதில் போடுங்கள். போனில் சொன்னால் வேலை தொடங்காது.