கிராமக் குடிநீர்த் திட்டம்: வரவு செலவு மதிப்பீடு, ஊர்ப் பங்களிப்பு, பராமரிப்பு நிதி

ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலுக்காகக் குடிநீர்க் குழு வைக்கும் மதிப்பீடு

நம் ஊரில் 180 வீடுகள், 760 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றால் 41,800 லிட்டர் வேண்டும். கசிவுக்கும் வீணாவதற்கும் 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 48,000 லிட்டர். 5 குதிரைத் திறன் மோட்டார் தினமும் 6 மணி நேரம் ஓடினால் இது கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டியைக் காலையிலும் மாலையிலும் நிரப்பிக்கொள்ளலாம்.

1. கட்டுமானச் செலவு

| இனம் | ரூபாய் |
|---|---|
| ஆழ்துளைக் கிணறு, கேசிங் குழாய், நீர் வரத்துச் சோதனை | 1,80,000 |
| நீர்மூழ்கி மோட்டார் (84,000), பேனல், கேபிள், ஏற்றுக் குழாய் (50,000), மின் இணைப்பு (26,000) | 1,60,000 |
| மேல்நிலைத் தொட்டி | 9,00,000 |
| விநியோகக் குழாய், 2,800 மீட்டர், மீட்டருக்கு 300 | 8,40,000 |
| வீட்டு இணைப்பு, 180 வீடுகள், வீட்டுக்கு 2,500 | 4,50,000 |
| மோட்டார் அறை, குளோரின் கருவி, நீர் அளவு மீட்டர் | 1,10,000 |
| தண்ணீர்ப் பரிசோதனை | 10,000 |
| எதிர்பாராச் செலவு | 1,50,000 |
| மொத்தம் | 28,00,000 |

முதலில் போர் போட்டு, நீர் வரத்தையும் தண்ணீரின் தரத்தையும் சோதித்த பிறகே தொட்டி வேலைக்குப் பணம் விடுவிக்கப்படும். தண்ணீர் உறுதியாகாமல் 9 லட்சத்தைக் கான்கிரீட்டில் போடக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

2. பணம் வரும் வழி

அரசு மானியம் 25,20,000. ஊர்ப் பங்கு 10 சதவீதம், அதாவது 2,80,000. இதில் ரொக்கம் 1,68,000: 168 வீடுகள் தலா 1,000 ரூபாய், நான்கு தவணைகளில் கட்டலாம். மீதி 1,12,000 உழைப்பாக வரும். குழாய்ப் பள்ளத்தை நாமே வெட்டி மூடுகிறோம். மீட்டருக்கு 40 ரூபாய் என்று மதிப்பிட்டு, 2,800 மீட்டருக்குக் கணக்கில் வரவு வைக்கப்படும். பள்ளம் 90 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் வண்டி ஏறும் இடத்தில் குழாய் உடையும் என்பதால், மூடுவதற்கு முன் குழு உறுப்பினர் ஒருவர் அளந்து கையெழுத்திடுவார். உடல் வேலை முடியாதவர்கள் மஸ்டர் எழுதலாம், வேலை செய்பவர்களுக்குச் சாப்பாடு தரலாம்.

வருமானம் இல்லாத முதியோர், ஆதரவற்றோர் வீடுகள் 12. அவர்களிடம் ரொக்கமோ மாதக் கட்டணமோ கிடையாது. இணைப்பு மட்டும் மற்றவர்களுக்குப் போலவே. அவர்கள் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்ட மாட்டோம்.

3. ஆண்டு இயக்கச் செலவு

மின்சாரம் 69,600 (மாதம் 725 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய்). மோட்டார் இயக்குபவர் மதிப்பூதியம் 42,000. பிளீச்சிங் பவுடர் 120 கிலோ, 6,000. சிறு பழுது 18,000. பரிசோதனை, கணக்குப் புத்தகம் 8,400. மொத்தம் 1,44,000. பவுடரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்: கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

4. நீண்டகாலப் பராமரிப்பு நிதி

| இனம் | செலவு | எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை | ஆண்டு ஒதுக்கீடு |
|---|---|---|---|
| மோட்டார் | 84,000 | 7 | 12,000 |
| பேனல், கேபிள், ஏற்றுக் குழாய் | 50,000 | 10 | 5,000 |
| தொட்டிப் பூச்சு, கசிவு அடைப்பு | 60,000 | 5 | 12,000 |
| புதிய போர் | 1,80,000 | 15 | 12,000 |
| விநியோகக் குழாய் மாற்றுதல் | 7,50,000 | 30 | 25,000 |
| மொத்தம் | | | 66,000 |

தொட்டியை முழுதாகத் திரும்பக் கட்டும் செலவு இதில் இல்லை; அதை ஊரால் தாங்க முடியாது, அதற்கு மானியம்தான் கேட்க வேண்டும். மற்றவை நம் பொறுப்பு. மோட்டார் 7 ஆண்டு வரை தாங்காமல் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே எரிந்துபோனால்கூட, அப்போது நிதியில் 1,98,000 இருக்கும். புதியது வாங்கியும் 1,14,000 மிஞ்சும். யாரிடமும் கைமாற்று வாங்காமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போகாமல், மோட்டாரை மாற்றிவிடலாம்.

இந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். மாதம் 5,500 ரூபாய் முதலில் இங்கே போன பிறகே மற்றச் செலவுகள். பணம் எடுக்க மூவரில் இருவர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண் உறுப்பினராக இருக்க வேண்டும். கோயில் திருவிழா, கட்டட வேலை என எதற்கும், கடனாகக்கூட, எடுக்க முடியாது.

5. மாதக் கட்டணம்

இயக்கத்துக்கு 12,000, நிதிக்கு 5,500, ஆக மாதம் 17,500 தேவை. 168 வீடுகள் தலா 110 ரூபாய் கட்டினால் 18,480. நூற்றுக்கு 95 வசூலானாலும் 17,556 கிடைக்கும். 100 ரூபாய் வைத்தால் போதாது. எல்லோரும் கட்டினாலும் 16,800தான். அந்தக் குறை பராமரிப்பு நிதியில்தான் விழும் என்பதால் 110க்குக் கீழே குழு பரிந்துரைக்கவில்லை. விலைவாசி, மின் கட்டணம் பார்த்து ஆண்டுதோறும் கட்டணம் பரிசீலிக்கப்படும். மூன்று மாத வரவு செலவு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படும்.

ஒப்புதல் கோரும் தீர்மானங்கள்: மொத்த மதிப்பீடு 28,00,000, ஊர்ப் பங்கு 2,80,000, மாதக் கட்டணம் 110, தனிப் பராமரிப்புக் கணக்கு. முதல் தவணை 250 ரூபாய் வசூலாகி வங்கியில் சேர்ந்த பிறகே போர் வேலைக்கு விலைப்புள்ளி கேட்கப்படும்.