ஷிப்ட் சூப்பர்வைசர் இன்டர்வியூ: திருத்திய பதில்கள்

தம்பி,

நீ எழுதி அனுப்பிய பதில்களைப் படித்தேன். நேற்று போனில் நீ சொன்னதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். தாளில் இருக்கிற ஆளுக்கும் போனில் பேசின ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. தாளில் "கடின உழைப்பாளி, எல்லோரோடும் இணைந்து செயல்படுபவன்" என்று யாரோ ஒருவர் இருக்கிறார். போனில் எந்த ரேக்கில் எந்த அட்டைப்பெட்டி இருந்தது என்பது வரைக்கும் நீ சொன்னாய். மருந்துக் குடோனில் ஒரு ஷிப்டை நம்பி ஒப்படைக்க ஆள் தேடுகிறவர்கள் போனில் பேசினவனைத்தான் எடுப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு பதிலையும் ஒரு சின்னக் கதையாக மாற்றியிருக்கிறேன். நிலைமை என்ன, நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆனது, அவ்வளவுதான். எண்கள் எல்லாம் நீ சொன்னவையே, நான் எதையும் கூட்டவில்லை. எதிலாவது சந்தேகம் இருந்தால் அந்த எண்ணை எடுத்துவிடு. உறுதியில்லாத எண்ணைச் சொல்லி, "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று கேட்டால் திணறுவதைவிட அது மேல்.

முதல் கேள்வி, "நீங்களாகக் கண்டுபிடித்துச் சரிசெய்த ஒரு பிரச்சனையைச் சொல்லுங்கள்."

நீ எழுதியிருந்தது: "எங்கள் குடோனில் ரிட்டர்ன் அதிகமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வேலை செய்து அதைப் பெருமளவு குறைத்தோம். எந்தப் பிரச்சனை வந்தாலும் பொறுமையாக அணுகுவேன்."

இப்படிச் சொல்:

"எங்கள் குடோனில் ஒரு மாதத்தில் 22 ரிட்டர்ன் வந்தது. பிக்கிங் ஆட்கள் கவனமாக இல்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் ரிட்டர்ன் சீட்டுகளை எடுத்து, எந்த மருந்துக்குப் பதிலாக எந்த மருந்து போயிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 22இல் 14 ஒரே மாதிரித் தவறு. ஒரே மாத்திரையின் 250 மில்லிகிராமும் 500 மில்லிகிராமும் மாறிப் போயிருந்தன. இரண்டுக்கும் பெட்டி ஒரே நிறம், எண் மட்டும் ஓரத்தில் சின்னதாக இருக்கும். ரேக்கிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தோம். சூப்பர்வைசரிடம் நோட்டைக் காட்டி அனுமதி வாங்கி, அப்படி மாறக்கூடிய மருந்துகளை வேறு வேறு ரேக்குக்கு மாற்றினேன். ரேக் முகப்பில் மில்லிகிராம் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். பேக்கிங் மேசையில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஸ்கேன் செய்யவும் ஏற்பாடு செய்தோம். அடுத்த மாதம் மொத்த ரிட்டர்ன் 10. அதில் இந்த வகைத் தவறு 3 மட்டுமே."

நீ எழுதியதில் "நாங்கள்" என்றுதான் எல்லாமே இருந்தது. அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய், புரிகிறது. ஆனால் நோட்டுப் போட்டு எழுதியது நீ. அதை "நாங்கள்" என்று சொன்னால், கேட்கிறவர் நீ ஓரமாக நின்று பார்த்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் ஏற்பாடு உண்மையிலேயே எல்லோரும் சேர்ந்து செய்தது என்பதால் அங்கே மட்டும் "செய்தோம்" என்று விட்டிருக்கிறேன். அப்படி ஒரு இடத்தில் விட்டால்தான் மற்ற இடங்களில் வரும் "நான்" நம்பும்படி இருக்கும்.

இன்னொன்று. மீதி 8 ரிட்டர்ன் 7 ஆகத்தான் குறைந்தது என்று போனில் சங்கடமாகச் சொன்னாயே, அதை மறைக்காதே. கேட்டால் சொல். நீ கை வைத்த இடத்தில் குறைந்திருக்கிறது, கை வைக்காத இடம் அப்படியே இருக்கிறது. உன் மாற்றம்தான் வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது, "கூட வேலை செய்பவரோடு கருத்து வேறுபாடு வந்திருக்கிறதா?"

"எனக்கு யாரோடும் பிரச்சனை வந்ததே இல்லை" என்று எழுதியிருந்தாய். சூப்பர்வைசர் வேலைக்கு அந்தப் பதில் ஆகாது. தினமும் பத்துப் பேரை வைத்து வேலை வாங்க வேண்டிய இடம் அது. நீ சொன்ன அந்த மூத்த அண்ணன் கதையைத்தான் போட்டிருக்கிறேன்.

"எங்கள் குடோனில் எந்த பேட்ச் முதலில் காலாவதியாகிறதோ அதைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். என்னைவிடப் பல வருடம் மூத்தவர் ஒருவர், கைக்கு எட்டுகிற புது பேட்சையே எடுத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை எல்லோர் முன்னாலும் சொன்னேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் டீ இடைவேளையில் தனியாகப் போய், எடுப்பதில் என்ன சிரமம் என்று கேட்டேன். பழைய பேட்ச் எப்போதும் மேல்தட்டில் இருக்கிறது, முழங்கால் வலியோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் ஏணி ஏற முடியவில்லை என்றார். அதில் நியாயம் இருந்தது. புதுச் சரக்கு வரும்போது அதை மேலே ஏற்றிப் பழையதைக் கீழே இறக்கும் வேலையை, மாலை ஷிப்டில் நானும் இன்னொருவரும் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஸ்டாக் சரிபார்ப்பில் அவர் பகுதியில் வரிசை மாறிப் போன பேட்ச் ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு அந்த முறையை இப்போது அவரே சொல்லிக்கொடுக்கிறார்."

எல்லோர் முன்னாலும் சொன்னதை விட்டுவிடலாமா என்று கேட்பாய். விடாதே. அந்த ஒரு வரி இருப்பதால்தான் தனியாகப் போய்க் கேட்டது ஒரு முடிவாகத் தெரிகிறது. அந்த அண்ணனைப் பற்றிப் பேசும்போது குரலில் மரியாதை இருக்கட்டும். கதையின் விஷயத்தைப் போலவே, அதை நீ எப்படிச் சொல்கிறாய் என்பதையும் கவனிப்பார்கள்.

இனி, நீ ரொம்பப் பயப்படுகிற கேள்வி. "நீங்கள் செய்த ஒரு தவறு?"

"எதையும் மிகச் சரியாகச் செய்ய நினைப்பதே என் குறை" என்ற வரியை அடித்துவிட்டேன். அதை நம்புகிறவர் யாரும் இல்லை. அதற்குப் பதிலாக இன்சுலின் பெட்டிக் கதையைச் சொல். நீ தயங்குவது தெரியும், ஆனாலும் உன்னிடம் இருப்பதிலேயே பலமான கதை அதுதான்.

"இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு மட்டுமில்லை, உறைந்தாலும் அது கெட்டுவிடும். ஒருநாள் இரவு ஷிப்டில் வண்டி கிளம்பும் அவசரத்தில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை நேராகப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில், பெட்டிக்குள் இருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவி மைனஸ் 1 டிகிரி காட்டியது. பெட்டி முழுவதையும் நிராகரித்துவிட்டார்கள். அந்தப் பெட்டியை அடுக்கியது யார் என்று விசாரிப்பதற்கு முன்பே, நான்தான் என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அன்று நான் அடுக்கிய மற்ற இரண்டு பெட்டிகளையும் விநியோகிக்காமல் நிறுத்தி வைக்கச் சொன்னேன். அப்புறம் பேக்கிங் தாளில் ஒரு வரி சேர்க்கக் கேட்டு வாங்கினேன். ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும், வைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் வண்டி கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பேக்குகளை எப்போது வெளியே எடுப்பது என்றும் எழுதி ஒட்டினேன். அதிலிருந்து ஏழு மாதமாக உறைந்துபோன பெட்டி ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்த முதல் பெட்டியில் இருந்த மருந்தை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, அழிக்க வேண்டியதாகிவிட்டது."

கடைசி வரியை நீ எடுத்துவிடுவாய் என்று சந்தேகம். எடுக்காதே. மருந்து வீணானது உனக்கு வலித்தது என்று போனில் உன் குரலே சொன்னது. நல்ல முடிவை மட்டும் சொல்லிவிட்டு நஷ்டத்தை விழுங்கினால் கதை செய்தது போலாகிவிடும். அதே சமயம் "என்னை மன்னிக்கவே முடியாது" என்ற ரீதியில் நீட்டவும் வேண்டாம். ஒரே வரி, நிறுத்து. "அந்த இரண்டு பெட்டிகள் என்ன ஆயின?" என்று நிச்சயம் கேட்பார்கள். பதிவுக் கருவியில் இரண்டும் வரம்புக்குள்தான் இருந்தன, தரப்பிரிவு பார்த்துவிட்டு விடுவித்தது என்று நீ சொன்னாய். அதை அப்படியே சொல்.

நான்காவது சின்னது. "நெருக்கடியில் பொறுப்பெடுத்துக்கொண்ட அனுபவம்?"

"காலையில் சாஃப்ட்வேர் நின்றுவிட்டது, சூப்பர்வைசர் விடுப்பில் இருந்தார். நான்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். முந்தின இரவு அச்சடித்த ஆர்டர் தாள்கள் கையில் இருந்தன. அவற்றை வண்டி கிளம்பும் நேரப்படி பிரித்து, ஆளுக்கு ஒரு வண்டி என்று கொடுத்தேன். எடுத்த பேட்ச் எண்ணைத் தாளிலேயே எழுதச் சொன்னேன், சாஃப்ட்வேர் வந்ததும் ஏற்றுவதற்கு. மூன்று வண்டி நேரத்துக்குப் போனது. நான்காவது 40 நிமிடம் தாமதம். அதில் சரக்கு எதிர்பார்த்தவர்களுக்கு வண்டி கிளம்பும் முன்பே போன் செய்து சொல்லிவிட்டேன்."

இதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதே. இதன் பலமே இதன் நீளம்தான்.

சொல்லிப் பழகும்போது மனப்பாடம் வேண்டாம். ஒவ்வொரு கதைக்கும் நான்கைந்து சொல் மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள். இன்சுலின் கதைக்கு: அவசரம், மைனஸ் 1, நானே சொன்னேன், குலுக்கல், ஏழு மாதம். அது போதும், மீதி தானாக வரும். ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியட்டும். நிலைமையை விவரிப்பதில்தான் நீ வழக்கமாக நேரத்தை விடுகிறாய். குடோன் எவ்வளவு பெரியது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களாகக் கேட்டால் சொல்லலாம். "இதுதான் நிலைமை, இதுதான் என் செயல்" என்று தலைப்புப் போட்டுப் பேசவும் வேண்டாம், காதுக்குச் செயற்கையாக இருக்கும்.

கேள்வி இதே வார்த்தைகளில் வராது. "அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்றால் வண்டிக் கதை. "தரத்தில் சமரசம் செய்ததுண்டா?" என்றால் இன்சுலின். "சொன்னதைக் கேட்காதவரை எப்படி வேலை வாங்குவீர்கள்?" என்றால் அண்ணன் கதை. எதுவும் பொருந்தவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க நேரம் கேள், தப்பில்லை. பொருந்தாத கதையை இழுத்துவந்து ஒட்டாதே.

"ஏன் இப்போதைய வேலையை விடுகிறீர்கள்?" என்பதற்கு மட்டும் கதை எழுதவில்லை, அதற்குக் கதை தேவையில்லை. "இங்கே சூப்பர்வைசர் இடம் இப்போதைக்குக் காலியாகிற மாதிரி இல்லை. அந்த வேலையின் ஒரு பகுதியை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறேன், முழுதாகச் செய்ய விரும்புகிறேன்." இரண்டே வரி. சம்பளப் பேச்சை அவர்கள் எடுக்கட்டும்.

நாளை இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. நான் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறேன், நீ தாளைப் பார்க்காமல் சொல்.

அக்கா