சாவி K-ய மாத்துனதுக்கப்புறம் கெப்பாசிட்டர் எந்த வழியா காலியாகுது? படத்தைப் பாத்து சொல்லுங்க

பிசிக்ஸ் தெரிஞ்ச எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோயம்புத்தூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், டிப்ளமோ படிச்சு பல வருஷம் ஆச்சு. எங்கக்கா பொண்ணு பிளஸ் டூ, தமிழ் மீடியம். டியூஷன்ல குடுத்த ஒரு ஜெராக்ஸ் பேப்பர்ல இருக்கிற கணக்கு இது, மூணு நாளா நானும் அவளும் உக்காந்து போட்டுட்டு இருக்கோம், ஒரு பாகம் மட்டும் விடையோட ஒத்தே வரல. படத்தை அப்படியே ஃபோட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். எந்த ரெசிஸ்டர் எத்தன ஓம், பேட்டரி எத்தன வோல்ட், கெப்பாசிட்டர் எவ்வளவு, எல்லாம் படத்துலயே பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதனால இங்க மறுபடி எழுதல.

கேள்வி இதான், பேப்பர்ல இருக்கிற மாதிரியே தர்றேன்:

"படத்தில் காட்டியுள்ள மின்சுற்றில் மின்கலத்தின் மின்னியக்கு விசை E, அகமின்தடை r. மின்தேக்கி C தொடக்கத்தில் மின்னேற்றம் அற்றது. (அ) சாவி K மூடப்பட்ட கணத்தில் மின்கலத்தின் வழியே பாயும் மின்னோட்டம் யாது? (ஆ) நீண்ட நேரத்திற்குப் பின் மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் எவ்வளவு? எந்தத் தகடு நேர்மின்னூட்டம் பெறும்? (இ) பின்னர் சாவி மாற்றப்படுகிறது. மின்தேக்கி மின்னிறக்கம் அடைவதற்கான நேர மாறிலி யாது? (ஈ) மின்னிறக்கத்தின்போது R1-இல் வெப்பமாக மாறும் ஆற்றலின் பங்கு யாது? தேவையான மதிப்புகளுக்குப் படத்தைப் பார்க்கவும்."

படம் மொபைல்ல சரியா தெரியலன்னா, எது எங்க இருக்குன்னு சொல்லிடறேன். டைமண்ட் மாதிரி நாலு முனை. இடது முனை A, மேல B, வலது C, கீழ D. AB-ல R1, BC-ல R2, AD-ல R3, DC-ல R4. நடுவுல B-யிலிருந்து D-க்கு செங்குத்தா மின்தேக்கி (முனை C வேற, மின்தேக்கி C வேற, குழப்பிக்காதீங்க, நாங்க மொதல் நாள் குழம்புனது இதுலதான்). பேட்டரி கீழ, பிளஸ் பக்கம் r வழியா சாவிக்கு வந்து அங்கிருந்து A-க்குப் போகுது, மைனஸ் நேரா C முனைக்கு.

அதாவது வீட்ஸ்டன் பிரிட்ஜ் மாதிரியே, கால்வனோமீட்டர் இருக்க வேண்டிய எடத்துல கெப்பாசிட்டர்.

(அ) பாப்பா ஒடனே போட்டுட்டா. கெப்பாசிட்டர் காலியா இருக்கிறப்ப அதுக்கு குறுக்க வோல்டேஜ் சைபர், அப்ப அந்த நொடியில அது வெறும் கம்பி மாதிரி, B-யும் D-யும் ஒரே முனை. அப்படின்னா R1-ம் R3-ம் பேரலல், R2-ம் R4-ம் பேரலல், ரெண்டு ஜோடியும் r-ம் சீரியஸ்.

```
I = E / ( r + R1·R3/(R1+R3) + R2·R4/(R2+R4) )
```

மதிப்ப போட்டா பேப்பர் விடையே வருது.

(ஆ)-ல நெறைய நேரம் கழிச்சு கெப்பாசிட்டர் நெறஞ்சு போச்சு, நடுவுல கரன்ட்டே இல்ல. இப்ப R1-R2 சீரியஸ், R3-R4 சீரியஸ், அந்த ரெண்டு வரிசையும் பேரலல். A-க்கும் C-க்கும் நடுவுல இருக்கிற வோல்டேஜ V-ன்னு வச்சா (r-ல விழுறத கழிச்சது):

```
Q = C · V · | R2/(R1+R2) − R4/(R3+R4) |
```

இதுவும் ஒத்து வந்துச்சு. எந்தத் தகடு பிளஸ்ங்கிறதுக்கு R1/R2, R3/R4 ரெண்டுல எது சின்னதுன்னு பாத்தா போதும், R1/R2 சின்னதா இருந்தா B பக்கம் பிளஸ். ரெண்டும் சமமா இருந்தா கெப்பாசிட்டர் ஏறவே ஏறாது, பிரிட்ஜ் பேலன்ஸ். படத்துல இருக்கிற மதிப்புக்கு சமமா வரல, அதையும் பாத்துட்டோம்.

பிரச்சனை (இ)-லதான் சார்.

மொதல்ல நான் போட்டேன். முந்தின பாகத்துல R1-ம் R2-ம் சீரியஸ், R3-ம் R4-ம் சீரியஸ்னு இருந்துச்சில்ல, அதே ஜோடிய வச்சு (R1+R2)-ம் (R3+R4)-ம் பேரலல்னு போட்டு C-யால பெருக்கிட்டேன். விடை வரல. பாப்பா சொன்னா, "மாமா, அது பேட்டரி பாக்குற ரெசிஸ்டன்ஸ். இப்ப பேட்டரியே இல்ல, கெப்பாசிட்டர்தான் பேட்டரி, B-யில கெளம்பி D-க்கு எப்படிப் போய்ச் சேரும்னு வெரல வச்சுப் பாருங்க." வெரல வச்சுப் பாத்தேன். B-யிலிருந்து R1 வழியா A, அங்கிருந்து R3 வழியா D. இன்னொரு வழி B, R2, C முனை, R4, D. சாவி திறந்திருக்கிறதால பேட்டரி பக்கம் போக வழியே இல்ல, r கணக்குலயே வராது. அவ சொன்னதுதான் சரி, என்னோடது தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அப்ப:

```
τ = C · (R1+R3)(R2+R4) / (R1+R2+R3+R4)
```

எனக்கு அந்த எடத்துல கொஞ்ச நேரம் பேச்சே வரல சார். அதே நாலு ரெசிஸ்டர், எடம் மாறவே இல்ல, (அ)-ல R1-க்கு ஜோடி R3 பேரலல், (ஆ)-ல R2 சீரியஸ், (இ)-ல மறுபடி R3, ஆனா சீரியஸ். கடையில நான் கம்பி எப்படி ஓடுதுன்னு பாத்தே சீரியஸ் பேரலல்னு சொல்லிடுவேன், எந்த ரெண்டு முனையிலிருந்து பாக்கறோங்கிறத வச்சுதான் அந்தப் பேரே வருதுன்னு இத்தன வருஷத்துல நான் யோசிச்சதில்ல.

ஆனா இதுவும் பேப்பர் விடையோட ஒத்து வரல! பேப்பர்ல இருக்கிறது இதவிட கம்மி. நாங்க போட்டது எவ்வளவு, அவங்க போட்டது எவ்வளவுன்னு படத்துக்கு கீழ பென்சில்ல எழுதிருக்கேன் பாருங்க. பாப்பா மொகம் வாடிப் போச்சு, தனக்குத்தான் தெரியலன்னு நெனச்சுட்டா. நான் சொன்னேன், கிர்க்காஃப் அந்த ரெண்டு விதியையும் 1845ல எழுதுனப்ப அவரே காலேஜ்ல படிச்சிட்டிருந்த பையன்தான், நீ சரியா போட்டுட்டு எதுக்கு கலங்கறேன்னு.

நேத்து ராத்திரி கடைய சாத்துனப்புறம் அந்த விடை எப்படி வந்திருக்கும்னு தலைகீழா போட்டுப் பாத்தோம். ஒவ்வொரு ஜோடியா மாத்தி மாத்திப் போட்டதுல ஒண்ணு அச்சா வந்துச்சு:

```
τ = C · [ R1·R2/(R1+R2) + R3·R4/(R3+R4) ]
```

இது வரணும்னா A-யும் C முனையும் ஒண்ணா சேந்திருக்கணும், அதாவது நடுவுல வெறும் கம்பி இருக்கணும். அப்பத்தான் B-யிலிருந்து R1, R2 ரெண்டு வழியாவும் ஒரே எடத்துக்குப் போய், அங்கிருந்து R3, R4 வழியா D-க்கு எறங்கும்.

உண்மையிலேயே இப்படி வித்தியாசம் தெரியுமான்னு பாக்க ஒரு போர்டுல கட்டியே பாத்தோம். படத்துல இருக்கிற மதிப்பு அப்படியே கடையில கெடைக்கல, கிட்டத்தட்ட இருக்கிறத போட்டோம், நேரம் எண்ணிப் பாக்க வசதியா கெப்பாசிட்டர் மட்டும் பெருசு. எலக்ட்ரோலைட்டிக் ஆச்சே, பிளஸ் மைனஸ் மாத்தி வச்சா கெட்டுப் போயிடும், எந்தப் பக்கம் பிளஸ்னு பாப்பா (ஆ)-ல போட்டு வச்சத பாத்துதான் வச்சேன், மல்டிமீட்டர்ல அப்படியே பிளஸ் காட்டுச்சு, அவளுக்கு அவ்வளவு சந்தோசம். நெறஞ்சதுக்கப்புறம் பேட்டரிய கழட்டி விட்டா வோல்டேஜ் மெதுவா எறங்குது. மறுபடி ஏத்தி, பேட்டரிய கழட்டுன கையோட A-க்கும் C-க்கும் ஒரு துண்டு வயர வச்சா சட்டுனு எறங்குது. ரெண்டு தடவையும் அவ மொபைல்ல டைம் பாத்து எழுதுனா. (ஃபேன் கெப்பாசிட்டர ஸ்க்ரூடிரைவர் வச்சு டப்புனு காலி பண்றது எனக்குப் பழக்கம், ஆனா அதுல ரெண்டு காலையும் நேரா சேத்துடுவோம். இங்க கெப்பாசிட்டர தொடாம எதிர்ல இருக்கிற ரெண்டு முனைய சேத்தாலே வேகம் மாறுது.)

அதுக்கப்புறம்தான் கேள்விய மறுபடி படிச்சேன். "சாவி மாற்றப்படுகிறது"ன்னு இருக்கு, "திறக்கப்படுகிறது"ன்னு இல்ல. நாங்க மூணு நாளா திறந்ததாவே படிச்சிட்டு இருந்திருக்கோம்!

இப்ப படத்துல சாவி K இருக்கிற எடத்த பெருசு பண்ணிப் பாருங்க, செவப்பு பேனால வட்டம் போட்டிருக்கேன். K-க்குப் பக்கத்துல ரெண்டு புள்ளி இருக்கிற மாதிரி தெரியுது. மேல் புள்ளியிலிருந்து r-க்கு கோடு தெளிவா போகுது. கீழ் புள்ளிக்கு அடியில மங்கலா ஒரு கோடு பேட்டரிய சுத்திக்கிட்டு C முனை பக்கம் போற மாதிரி இருக்கு, ஆனா பாதியில காணாமப் போயிடுது. பேப்பர அதே எடத்துலதான் மடிச்சிருக்கா, அதனால அது வரைஞ்ச கோடா, ஜெராக்ஸ்ல விழுந்த மடிப்பான்னு எங்களால சொல்ல முடியல. டியூஷன்ல கேட்டதுக்கு "விடை சரிதான், போட்டுப் பாரு"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்களாம், இவ தயங்கிட்டு மேல கேக்கல.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதாங்க.

அந்த வட்டத்துக்குள்ள இருக்கிறது ரெண்டு பக்கம் போடற சாவியா, சும்மா ஆன் ஆஃப் சாவியா? பிளஸ் டூ கேள்வித்தாள் படங்கள நெறைய பாத்தவங்களுக்கு அந்த கீழ் புள்ளிய பாத்தாலே தெரிஞ்சிடும்னு நெனைக்கிறேன். இதே படம் தெளிவா யார்கிட்டயாவது இருந்தா அந்த மூலைய மட்டும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. ஆன் ஆஃப் சாவிதான்னா பேப்பர் விடை தப்பு, பாப்பா போட்டது சரின்னு அவகிட்ட நான் தைரியமா சொல்லணும், அதனால நல்லா பாத்து சொல்லுங்க.

அப்புறம் (ஈ). சாவி திறந்ததா வச்சு நாங்க இப்படிப் போட்டோம்: ரெண்டு வழிக்கும் குறுக்க எப்பவும் ஒரே வோல்டேஜ், அதனால ரெசிஸ்டன்ஸ் கம்மியான வழியில சூடு அதிகம், அந்த வழிக்குள்ள R1-ம் R3-ம் ஒரே கரன்ட்டு, அதனால அங்க ரெசிஸ்டன்ஸ் அதிகமானதுல சூடு அதிகம். இந்த விகிதம் நேரத்தோட மாறாது, அதனால மொத்த ஆற்றல்ல R1-ஓட பங்கு

```
[ (R2+R4) / (R1+R2+R3+R4) ] × [ R1 / (R1+R3) ]
```

நாலு ரெசிஸ்டருக்கும் இதே மாதிரி போட்டு கூட்டிப் பாத்தோம், சரியா ஒண்ணு வருது. A-யும் C-யும் சேந்திருந்தா இது வேற மாதிரி ஆகும், B-யிலிருந்து R1-ம் R2-ம் பேரலல் ஆயிடும், அத அவளே போட்டுட்டு இருக்கா. (ஈ)-க்கு பேப்பர்ல விடையே குடுக்கல, அதனால மேல இருக்கிற வழியில ஏதாவது தப்பு இருந்தா எந்த வரியில தப்புன்னு சொல்லுங்க.

வியாழக்கிழமை அவளுக்கு டெஸ்ட்டு, புதன் ராத்திரிக்குள்ள யாராவது படத்தை ஒரு தடவ பாத்து சொல்லிட்டா அவளுக்கு உதவியா இருக்கும்.